எல்லாம் புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. மூன்று வருடமாக வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் போகிறான். எழுத்தெல்லாம் தெரியும், எழுத்துக்கூட்டி வாசிப்பான். வீட்டில் நானும் கணவரும் தமிழில்தான் பேசுகிறோம். நாங்கள் சொல்வது எல்லாம் அவனுக்குப் புரிகிறது. ஆனால் பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. "தமிழ்ல சொல்லு" என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுகிறான். வெள்ளிக்கிழமை இரவு வீட்டுப்பாடம் என்றாலே சண்டைதான். இன்னும் கொஞ்சம் அதிகமாக எழுத வைத்தால் பேச்சு வந்துவிடுமா?

பதில்:

வராது. எழுத்து வேலையைக் கூட்டாதீர்கள். முடிந்தால் குறையுங்கள் என்றுகூடச் சொல்வேன். தமிழ் ஆசிரியரே இப்படிச் சொல்லலாமா என்று நினைப்பீர்கள். வகுப்பின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அறையில் பதினைந்து பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வாயே திறக்காமல் நேரம் முழுவதையும் பிள்ளைகளுக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு எட்டு நிமிடம்தான். உண்மையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அதனால் எழுத்து, வாசிப்பு, ஒரு கதை, கொஞ்சம் இலக்கணம் என்று கூட்டமாகச் செய்யக்கூடியதை நாங்கள் வகுப்பில் செய்கிறோம். வாய் திறந்து ஒரு முழு வாக்கியம் சொல்லிப் பழகுவது கூட்டத்தில் நடக்காது. அது ஒருவரோடு ஒருவர் பேசும்போதுதான் நடக்கும், அதற்கான இடம் வீடு.

உங்கள் பையன் பிடிவாதத்தால் ஆங்கிலத்தில் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் தானே சொல்வதற்கும் தேவைப்படுவது ஒன்றல்ல. "பையை எடுத்து உள்ள வை" என்றால் 'பை', 'உள்ள' என்ற இரண்டு சொல்லும் உங்கள் கண் போகும் திசையும் அவனுக்குப் போதும். வினைச்சொல்லின் முடிவைக் கவனிக்காமலேயே வேலையை முடித்துவிடுவான். அவனே சொல்ல வேண்டும் என்றால் 'வை' என்பதை 'வச்சேன்' ஆக்க வேண்டும், 'உள்ள' என்பதைச் சரியான இடத்தில் போட வேண்டும், இரண்டும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதே விஷயம் தயாராக நிற்கிறது. எட்டு வயதுப் பிள்ளை எதை எடுப்பான்?

ஒரு நாள் மாலை நீங்கள் அவனிடம் பேசுவதை நீங்களே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "வா, கை கழுவு, பையை எடு, சத்தம் போடாதே, சீக்கிரம் எழுது, படு." பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளின் காதில் விழும் தமிழ் இந்த மாதிரி ஏவல் தமிழ்தான். ஏவலுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, எழுந்து போய்ச் செய்தால் போதும். அதைவிடப் பெரிய சிக்கல், ஏவலை வைத்துக்கொண்டு மற்ற வடிவங்களை ஊகிக்க முடியாது. 'வா' என்பதிலிருந்து 'வர்றேன்', 'வந்தேன்', 'வரமாட்டேன்' எல்லாம் எப்படி வரும் என்று யாருக்குத் தெரியும்? 'எடு' என்றால் 'எடுத்தேன்', 'போடு' என்றால் 'போட்டேன்', 'நில்லு' என்றால் 'நின்னேன்'. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போகும். காதில் பலமுறை விழுந்தால்தான் வாயில் வரும். 'நான்' என்று தொடங்கி '-ஏன்' என்று முடியும் வாக்கியங்களை அவன் யாரிடம் கேட்கிறான்? நீங்கள் உங்கள் கணவரிடம் பேசும்போது ஓரமாகக் கேட்டால் உண்டு. வகுப்பில் சில பிள்ளைகள் "நான் போ", "நான் எடு" என்று சொல்வதன் காரணமும் இதுதான். அவர்களுக்குக் கிடைத்த வினைச்சொல்லை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள்.

அதனால் முதல் வேலை அவனுடையது அல்ல, உங்களுடையது. வீட்டில் எதையாவது செய்யும்போது செய்வதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "சாவியத் தேடுறேன், கிடைக்கவே மாட்டேங்குது. நேத்து மேசை மேல வச்சேன். ஓ, பைக்குள்ளயே போட்டுட்டேன் போலிருக்கு." அவனிடம் பாடம் நடத்தும் தொனி வேண்டாம், சும்மா புலம்புவது போலவே இருக்கட்டும். ஒரு சாவியைத் தேடும் நேரத்துக்குள் 'தேடுறேன், வச்சேன், போட்டுட்டேன்' மூன்றும் அவன் காதில் விழுந்துவிட்டன.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்ன அடுத்த நொடி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நார்வேயில் இருமொழிக் குடும்பங்களை ஆராய்ந்த எலிசபெத் லான்சா என்ற மொழியியலாளர், பிள்ளை வேறு மொழிக்குத் தாவும்போது பெற்றோர் சொல்லும் பதில்களை ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறார். அந்த ஐந்தும் உங்கள் வீட்டில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். "ஷூவ எங்கடா வச்ச?" என்று கேட்கிறீர்கள். "நியர் த டோர்" என்கிறான்.

நீங்களும் ஆங்கிலத்துக்கு மாறி "தென் கோ அண்ட் கெட் இட்" என்றால், அன்றைய தமிழ் அங்கேயே முடிந்தது. "சரி, போய் எடுத்துட்டு வா" என்று தமிழிலேயே தொடர்ந்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. "வீட்டில் தமிழில்தான் பேசுகிறோம்" என்று சொல்லும் குடும்பங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அவர்கள் ஒரு மொழி, அவன் ஒரு மொழி, பேச்சு தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் அவன் தமிழில் சொல்வதற்கு அங்கே ஒரு காரணமும் இல்லை. மூன்றாவது வழி, அவன் சொன்னதையே நீங்கள் தமிழில் திருப்பிச் சொல்வது: "ஓ, கதவுகிட்ட வச்சிருக்கியா." அந்தச் சொல்லாவது அவன் காதில் விழுந்தது, கெடுதல் இல்லை, ஆனால் அவன் வாய் இன்னும் திறக்கவில்லை. நான்காவது, அவன் சொன்னதை ஊகித்துத் தமிழில் கேள்வியாகக் கேட்பது. லான்சா சொல்வது ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வி, நான் அதை இரண்டைக் காட்டிக் கேட்பதாக மாற்றிக்கொள்கிறேன்: "கதவுகிட்ட வச்சியா, படிகிட்ட வச்சியா?" ஐந்தாவது, "என்னது? எனக்குப் புரியலையே" என்று நிற்பது.

ஐந்தாவது வழிதான் அதிக வலு உள்ளது என்று பலரும் சொல்வார்கள். பேசத் தொடங்கும் குழந்தையிடம் அது நன்றாகவே வேலை செய்யும். எட்டு வயதுப் பையனிடம் செய்யாதீர்கள். நீங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசுவதைத் தினமும் கேட்கிறான். புரியவில்லை என்று நீங்கள் சொல்வது பொய் என்று அவனுக்குத் தெரியும். கோபம்தான் வரும். "தமிழ்ல சொல்லு" என்பதும் இதே ரகம். சொல் என்கிறீர்கள், சொல்வதற்கு வேண்டிய சொற்களைத் தரவில்லை. அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போவது அதனால்தான்.

நான் பெற்றோரிடம் விடாமல் சொல்வது அந்த நான்காவது வழியை. "கதவுகிட்ட வச்சியா, படிகிட்ட வச்சியா?" என்ற கேள்விக்குள்ளேயே பதிலுக்கு வேண்டிய எல்லாச் சொல்லும் இருக்கிறது. அவன் ஒன்றைப் பொறுக்கினால் போதும். "கதவுகிட்ட" என்பான். அதற்கு மேல் கேட்காதீர்கள், பாராட்டவும் வேண்டாம், "சரி, போட்டுக்கிட்டு வா" என்று போய்க்கொண்டே இருங்கள். "பாத்தியா, தமிழ் வருதே!" என்று கை தட்டினால் அது பேச்சாக இல்லாமல் பரீட்சையாகிவிடும். ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியும் வேண்டாம். "கதவுகிட்ட வச்சியா?" என்று மட்டும் கேட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான்.

கொஞ்ச நாள் கழித்துக் கேள்வியில் வினைச்சொல்லை மாற்றிக் கேளுங்கள். "கணக்கு முடிச்சிட்டியா, இன்னும் பாக்கி வச்சிருக்கியா?" இப்போது அவன் 'முடிச்சிட்டியா' என்பதை 'முடிச்சிட்டேன்' என்று திருப்ப வேண்டும். எங்கள் வகுப்புச் சிறுமி ஒருத்தி இந்த இடத்தில் நெடுநாள் "முடிச்சிட்டியா" என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் கேள்வியை அப்படியே திருப்பித் தந்தாள். அப்பா திருத்தவில்லை. "ஓ, முடிச்சிட்டியா. நானும் என் வேலைய முடிச்சிட்டேன்" என்று மட்டும் சொல்லிவந்தார். ஒரு நாள் 'முடிச்சிட்டேன்' தானாக வந்தது. அது வந்த பிறகு 'போட்டுட்டேன்', 'குடிச்சிட்டேன்' எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. ஒரு வடிவம் பிடிபட்டால் அந்த வரிசை முழுவதும் சேர்ந்துதான் வரும்.

இடையில் ஒரு கட்டம் வரும், அதைக் கண்டு பயப்படாதீர்கள். "ஹோம்வொர்க் ஃபினிஷ் பண்ணிட்டேன், ஆனா புக் ரிட்டர்ன் பண்ணல" என்பான். இது என்ன தமிழ் என்று பாட்டிக்குக் கோபம் வரும். நான் இதைக் கேட்டால் உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். பெயரும் வினையும் ஆங்கிலம்தான், ஆனால் வாக்கியத்தின் எலும்பெல்லாம் தமிழ். வினை கடைசியில் வந்திருக்கிறது, 'பண்ணிட்டேன்' என்று நடந்து முடிந்ததைச் சொல்கிறது, 'பண்ணல' என்று எதிர்மறை வந்திருக்கிறது. 'பண்ணு' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு எல்லா முடிவுகளையும் பழகிக்கொள்கிறான். சொற்களை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். "முடிச்சிட்டியா? சரி, புக்க ஏன் திருப்பிக் குடுக்கல?" என்று உங்கள் வாயால் தமிழ்ச் சொல்லைப் போட்டுவிட்டு நகருங்கள். இந்தக் கட்டத்தில் கேலி செய்யப்பட்ட பிள்ளைகள் முழு ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அவர்களை யாரும் சிரிப்பதில்லையே.

நாள் முழுக்க இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பள்ளியிலிருந்து வரும் வழி, படுக்கும் முன் இருக்கும் கால் மணி நேரம், எதுவானாலும் சரி, தினமும் அதே நேரமாக இருக்கட்டும். அந்த நேரத்தில் மட்டும் இரண்டைக் காட்டிக் கேட்கும் கேள்விகள். மற்ற நேரத்தில் நீங்கள் தமிழில் பேசுங்கள், அவன் எதில் வேண்டுமானாலும் பேசட்டும். அந்தக் கால் மணி நேரத்திலும் ஒரு விலக்கு உண்டு. பள்ளியில் யாரோ தள்ளிவிட்டார்கள், ஆசிரியர் திட்டிவிட்டார் என்று அழுதுகொண்டு வந்தால் அப்போது மொழியைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அவன் ஆங்கிலத்தில் கொட்டட்டும், நீங்கள் தமிழில் ஆறுதல் சொல்லுங்கள். மனம் நொந்த நேரத்தில் அம்மா வாக்கியத்தைத் திருத்தினால் அடுத்த முறை அந்த விஷயமே உங்கள் காதுக்கு வராது.

அதிகமாகத் தள்ளிவிட்டீர்களா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பதில்கள் சுருங்கும். "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல", "தெரியல" என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் மட்டும் சுத்தமாக வரும். முன்பு ஆங்கிலத்திலாவது நீளமாகப் பேசிக்கொண்டிருந்தவன் இப்படி ஆகிவிட்டால், ஒரு வாரம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். சாவி தேடும் புலம்பல் மட்டும் போதும்.

ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். "எங்க, தாத்தாகிட்ட தமிழ்ல பேசு பாப்போம்" என்று திரையின் முன் நிறுத்தினால் எந்தப் பிள்ளைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாய் தவறித் தாத்தாவை 'நீ' என்று சொல்லிவிட்டால் அந்தப் பக்கம் இருக்கும் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். பாசத்தில் சிரிப்பதுதான், ஆனால் அவனுக்கு அது தெரியாது. அவன் வீட்டில் கேட்பதெல்லாம் 'நீ'தான், 'நீங்க' என்று யாரும் அவனை அழைப்பதில்லை, அவனுக்கு எங்கிருந்து வரும்? சிரிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: "கண்ணாடி மாத்திட்டீங்களா, பழசையே போட்டிருக்கீங்களான்னு தாத்தாகிட்ட கேட்டுச் சொல்லு." கேட்க வேண்டிய வாக்கியம் கையில் இருக்கிறது, மரியாதை வடிவமும் அதற்குள்ளேயே இருக்கிறது, பதிலை உங்களிடம் கொண்டுவந்து சொல்ல வேண்டிய காரணமும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைச் சண்டைக்கு வருவோம். உங்கள் பையன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான் என்கிறீர்கள். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி, "யாரு வந்தா? என்ன பண்ணாங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். விழித்தால், அவன் வாசித்தது வெறும் ஒலி. தமிழில் இது எளிதில் நடக்கும், ஏனென்றால் நம் எழுத்து பாதி ஒலியைத்தான் காட்டுகிறது, மீதியைக் காது நிரப்ப வேண்டும். 'பந்து', 'பயம்' இரண்டிலும் முதல் எழுத்து ஒன்றுதான், ஆனால் நாம் ஒரே மாதிரியா சொல்கிறோம்? 'கதை', 'குண்டு' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். 'பகல்' என்பதில் வரும் ககரம் மென்மையாகிவிடுகிறது, 'பக்கம்' என்பதில் அழுத்தமாக நிற்கிறது. நடுவில் வரும்போது மென்மை, இரட்டித்தால் அழுத்தம் என்று சொல்லிக்கொடுக்க ஒரு விதி இருக்கிறது, நாங்கள் அதைச் சொல்லித்தான் கொடுக்கிறோம். 'பயம்', 'குண்டு' போன்றவற்றுக்கு அதுவும் உதவாது. 'குண்டு' என்ற சொல்லை வீட்டில் கேட்டுப் பழகிய பிள்ளை முதலில் தப்பாக வாசித்தாலும் அடுத்த நொடியே திருத்திக்கொள்ளும். கேட்டிராத பிள்ளைக்குத் திருத்திக்கொள்ள ஒன்றுமில்லை. பேச்சு வராமல் எழுத்தை மட்டும் கூட்டினால் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பாடத்தை ஒரே இரவில் செய்யாமல் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் பத்துப் பத்து நிமிடமாகச் செய்யுங்கள். முதல் நாள் புத்தகமே வேண்டாம். பாடத்தில் என்ன நடக்கிறது என்று நீங்கள் பேச்சுத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள், இடையிடையே அதே இரட்டைக் கேள்விகள். இரண்டாம் நாள் புத்தகத்தைத் திறந்து வாசிக்கட்டும். இப்போது "அவன் வீட்டிற்குச் சென்றான்" என்று வரும். "புத்தகத்துல சென்றான்னு இருக்கு, நாம எப்படிச் சொல்லுவோம்?" என்று கேளுங்கள். "போனான்" என்பான். இந்த விளையாட்டைப் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள். 'போகிறேன்' என்றால் 'போறேன்', 'வந்தார்கள்' என்றால் 'வந்தாங்க', 'வீட்டில்' என்றால் 'வீட்ல' என்று ஒரு ஒழுங்கு இருப்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். எழுத்து வேலையை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பாடம் அவனுக்குப் பழகியிருக்கும்.

இதை மட்டும் தலைகீழாகச் செய்துவிடாதீர்கள். அவன் "வந்துட்டேன்" என்று சொல்லும்போது "வந்துவிட்டேன்னு சொல்லு" என்று திருத்தும் பெற்றோர் இருக்கிறார்கள். யாருமே வீட்டில் அப்படிப் பேசுவதில்லை, நீங்களும்தான். உங்கள் குடும்பத்தின் பேச்சு எந்த ஊர்ப் பேச்சாக இருந்தாலும் அதுவே அவன் பேச வேண்டிய தமிழ். வகுப்பில் ஆசிரியர் வேறு மாதிரிப் பேசுகிறாரே என்று கேட்டால், "அவங்க ஊர்ல அப்படிச் சொல்லுவாங்க" என்று சொன்னால் போதும்.

எவ்வளவு தூரம் போகும் என்றும் கேட்பீர்கள். நண்பர்கள், பள்ளி, விளையாட்டு எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும்போது தமிழ் அதற்குச் சமமாக வராது. ஒற்றைச் சொல் பதில், அப்புறம் கலப்பு வாக்கியம், அப்புறம் வீட்டு விஷயங்களில் முழு வாக்கியம் என்ற வரிசையில் வரும். பள்ளியில் படித்த அறிவியலைத் தமிழில் விளக்கச் சொன்னால் தடுமாறுவான், அதற்குச் சொல் வேண்டும், அது வாசிப்பிலிருந்து மெல்ல வரும். தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அதைத் தடுக்கப் போய் உங்கள் கால் மணி நேரத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த வகுப்பு முடிந்து பையனை அழைத்துப்போக வரும்போது அவன் ஆசிரியரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். ஒரு பக்கம் எழுத வேண்டியதில் பாதியைக் குறைத்துக்கொண்டு, மீதிக்கு அந்தப் பாடத்தை அவன் பேச்சுத் தமிழில் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள். எங்களில் பலர் ஒப்புக்கொள்வோம். திருத்த வேண்டிய நோட்டும் குறையும் அல்லவா.